விற்ற பொருள் வாபஸ் உண்டு

கோவை கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்களை மாதத்துக்கு நாற்பது சேர்த்து, போன் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வரும் ஆர்டர்களுக்கு பார்சல் சர்வீஸில் அனுப்புகிறார் அதை நடத்தும் தம்பி. எனக்கு உறவுக்காரர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்றாலும், இப்படிப்பட்ட சின்னப் பட்டறையின் பெயர் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு குடும்பம் ஐந்தாயிரம் ரூபாயை முன்கூட்டியே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமானால், அவர்கள் நம்புவதற்குக் கையில் இருப்பது அவர் அனுப்பும் பில்லும் வாரண்டி அட்டையும் மட்டும்தான்.

அந்த அட்டையை அவர் என்னிடம் காட்டியது ஒரு தகராறுக்குப் பிறகு. அதில் மூன்று வரிகள் இருந்தன. "ஒரு வருட வாரண்டி. நிபந்தனைகளுக்கு உட்பட்டது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." அந்த நிபந்தனைகள் என்ன என்று அட்டையின் முன்புறத்திலும் இல்லை, பின்புறத்திலும் இல்லை.

தகராறு இதுதான். திருநெல்வேலி வீட்டில் கிரைண்டர் நின்றுபோனது, பில் போட்ட நாளிலிருந்து ஓராண்டும் எட்டு நாளும் கழித்து. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஓராண்டுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. ஸ்டாக் இல்லாததால் பில் போட்டு பதினோரு நாள் கழித்துத்தான் பொருள் போய்ச் சேர்ந்திருந்தது. வாரண்டி முடிந்தது என்றார் இவர். இல்லை என்றார்கள் அவர்கள். பன்னிரண்டு கிலோ பொருளைக் கோவைக்கு அனுப்பும் லாரி வாடகையை யார் கொடுப்பது என்பதில் இன்னொரு வாரம் போனது. கடைசியில் மோட்டாரைச் சரி செய்து கொடுத்தார். அதற்குள் ஐந்து வாரம் ஆகிவிட்டது. பணத்தைச் செலவழித்தும் அவருக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியது.

"நான் ஏமாத்தலீங்ணா. ஆனா அவங்க ஏமாத்தறான்னுதான் நெனச்சாங்க" என்றார்.

ஒரு சொற்றொடருக்கு இரண்டு பொருள் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். எழுதியவருக்குத் தெளிவாக எழுதும் வாய்ப்பு இருந்தது என்பதே அதன் நியாயம். ஆகவே "ஒரு வருடம்" என்று மட்டும் எழுதி, எந்த நாளிலிருந்து என்று எழுதாமல் விட்டால், அந்தத் தெளிவின்மை சின்ன வியாபாரியைத்தான் கடிக்கும். பெரிய கம்பெனியின் அட்டையைப் பார்த்து நாலு வரியைக் காப்பியடிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கம்பெனிக்கு ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் உண்டு. அதன் அட்டையில் லாரி வாடகை பற்றிய வரியே தேவைப்படாது.

நான் முதலில் அடிக்கச் சொன்னது அட்டையின் மூன்றாவது வரியை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும், அதற்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் வருகின்றன. எவ்வளவு நாளுக்குள் என்பதற்குச் சட்டம் சொல்லும் பதிலைச் சின்ன வியாபாரிகள் கூர்ந்து படிக்க வேண்டும். பில்லில் ஒரு காலக்கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள். எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள். அதாவது, வாயை மூடிக்கொண்டிருப்பதால் பொறுப்பு விலகிப் போவதில்லை. சட்டமே ஒரு கெடுவை வைத்துவிடுகிறது. உங்கள் தொழிலுக்கு ஏற்ற நியாயமான கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத்தான் "வாபஸ் இல்லை" என்ற வரி வீணாக்குகிறது.

"அப்ப யார் வேணும்னாலும் புடிக்கலைன்னு திருப்பி அனுப்பலாமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. சட்டம் பேசுவது குறையுள்ள பொருளைப் பற்றி. சந்தைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கான 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இன்னும் சிலவற்றைச் சேர்க்கின்றன. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருள், போலிப் பொருள், சொன்ன நாளைக் கடந்து வந்த பொருள் ஆகியவற்றையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆனால் நல்ல பொருளை, நிறம் பிடிக்கவில்லை என்றோ, மாமியார் வேறு வாங்கிவிட்டார் என்றோ திருப்புவதற்குச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அது விற்பவர் மனம் வைத்துத் தருவது. தரலாம், தராமலும் இருக்கலாம், நிபந்தனையோடும் தரலாம். குறைக்கான திருப்பலையும் மனம் மாறிய திருப்பலையும் ஒரே பத்தியில் எழுதினால் இரண்டும் கெடும். ஆகவே அட்டையைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்தோம்.

மனம் மாறியவர்களுக்கு ஏழு நாள் தருவது என்று முடிவு செய்தார். போக வர லாரி வாடகை வாங்கியவருடையது. அரிசி படாத கல்லாக இருக்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒருமுறை மாவு அரைத்த கல்லில் நுண்ணிய துளைகளுக்குள் மாவுப் பால் இறங்கிவிடும். கழுவிக் காய வைத்தாலும் புளித்த வாடை காட்டிக்கொடுக்கும். அதைப் புதுசு என்று இன்னொருவருக்கு விற்க முடியாது. அதனால் குழவிகளுக்குக் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, பட்டை கிழியாமல் இருந்தால் மட்டுமே இந்தத் திருப்பல் என்று எழுதினோம். ஆனால் அதே பட்டையைக் குறைக்கான திருப்பலுக்கும் நிபந்தனையாக்கினால் அநியாயம். அரைத்துப் பார்க்காமல் குறை இருப்பது எப்படித் தெரியும்? ஆகவே அடுத்த வரி: "அரைத்துப் பார்த்ததால், குறைக்கான உங்கள் உரிமை போகாது."

அடுத்தது, வழியில் ஏற்படும் சேதம். இவருடைய நோட்டைப் புரட்டியபோது, புகார்களில் பாதி மோட்டாரால் வந்தவை அல்ல என்று தெரிந்தது. லாரியில் பெட்டி குப்புற விழுந்து குழவி விண்டுபோவது, டிரம் சொட்டையாவது, அடிப்பகுதியின் பிளாஸ்டிக் உடைவது. இதற்கெல்லாம் லாரிக்காரர்தான் பொறுப்பு என்று எழுதிவிடலாமே என்றார். வாங்கியவருக்கு அந்த லாரிக்காரர் யாரென்றே தெரியாது. அவரைத் தேர்ந்தெடுத்ததும் வாடகை பேசியதும் இவர். வாங்குபவரிடம் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டு, லாரி சர்வீஸிடம் தன் பங்கைத் தானே கேட்பதுதான் முறை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதத்துக்காக லாரி சர்வீஸ் மீது வழக்குப் போட வேண்டுமானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கியவரோடு வாட்ஸ்அப்பில் வாதாடிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு.

இதில் இவரைக் காப்பது சான்றுதான். பெட்டி வந்த மூன்று நாளுக்குள் பெட்டியின் வெளிப்புறப் படமும் உடைந்த பாகத்தின் படமும் வேண்டும் என்று கேட்டோம். பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதில் "பெட்டி சேதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னோம். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால் இருவருக்கும் நல்லது என்று ஒரு வரி. "வீடியோ இல்லாவிட்டால் எதுவும் கிடையாது" என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் சேர்க்க விடவில்லை. எழுபது வயதுப் பாட்டி வீடியோ எடுக்காமல் பெட்டியைத் திறந்ததால் விண்ட கல் நல்ல கல் ஆகிவிடாது. நுகர்வோர் ஆணையத்தின் முன் அப்படியொரு நிபந்தனையைக் காட்டி நிற்பதும் கடினம். அதற்குப் பதிலாக இவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியை ஒட்டும் முன் குழவி, டிரம், மோட்டார் எண் தெரிய மூன்று படங்களை எடுத்து, பில் எண்ணின் பெயரில் சேமித்துவைப்பது. இரண்டு நிமிட வேலை. பின்னால் தகராறு வந்தால் இதைவிடப் பெரிய காப்பு கிடையாது.

நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தது மோட்டார் வாரண்டியில்தான். "தவறான உபயோகத்துக்கு வாரண்டி இல்லை" என்ற வரி எல்லா அட்டையிலும் இருக்கும். எது தவறான உபயோகம் என்பது விற்பவர் மனத்தில் மட்டும் இருக்கும். வாங்கியவர் அதை, "எப்படியும் இவர்கள் நம்மைக் குறை சொல்லித் தப்பித்துவிடுவார்கள்" என்றே படிக்கிறார். பொதுச் சொல்லை விட்டுவிட்டு, பட்டறைக்குத் திரும்பி வந்த மோட்டார்களை எடுத்துப் பார்த்தோம்.

ஒன்றில் ஹூம் என்று சத்தம் மட்டும் வரும், சுற்றாது. கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் சுற்ற ஆரம்பிக்கும். அது பெரும்பாலும் கண்டென்சர் போனது. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. இன்னொன்றில் காயில் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தது. பாரம் தாங்காமலோ, குறைந்த மின்னழுத்தத்தில் திணறியோ நெடுநேரம் சூடேறியதன் அடையாளம். மூன்றாவதில் காயில் எல்லாம் செம்பு நிறமாகவே இருக்க, ஒரே இடத்தில் மட்டும் கருகியிருந்தது. வைண்டிங்கில் இன்சுலேஷன் குறை இருந்தால் இப்படித்தான் இருக்கும். நான்காவதில் பேரிங் துருப்பிடித்து, உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. அடிப்பகுதியைக் குழாயடியில் வைத்துக் கழுவியிருக்கிறார்கள்.

இந்த நான்கையும் அப்படியே அட்டையில் எழுதினோம். கண்டென்சரும் ஓரிடக் கருகலும் நம் பொறுப்பு. தண்ணீர் புகுந்த மோட்டார் நம் பொறுப்பில்லை. முழுக்கக் கறுத்த காயில்தான் சிக்கல், ஏனென்றால் அதற்கு வாங்கியவரும் காரணமாக இருக்கலாம், அவர்கள் ஊர் மின்சாரமும் காரணமாக இருக்கலாம். இதில் பாதிச் செலவை ஏற்பது என்று முடிவு செய்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே சொன்னார். கூடவே, பிரித்த மோட்டாரின் படத்தை வாங்கியவருக்கு அனுப்பிவிட்டுத்தான் கட்டணம் கேட்பது என்றும் எழுதினோம். காரணத்தைக் கண்ணால் பார்த்தவர் சண்டை போடுவது குறைவு.

பாரம் என்றால் எவ்வளவு? "அளவுக்கு மேல் போட வேண்டாம்" என்பது அளவே அல்ல. எவ்வளவு ஊறிய அரிசியை, எத்தனை நிமிடம், எந்த மின்னழுத்தத்தில் அரைத்தால் மோட்டார் பாதுகாப்பாக இருக்கிறது என்பதைப் பட்டறையிலேயே அரைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரம் அரைத்தார். அந்த வாரம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இட்லி மாவு இலவசம். பிறகு டிரம்முக்குள் ஒரு கோடு வந்தது, அட்டையில் ஒரு நிமிடக் கணக்கு வந்தது. இந்தச் சோதனையைச் சட்டமும் எதிர்பார்க்கிறது. முறையான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். சோதித்தேன் என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் விற்றவருடையதே. பழைய நோட்டீஸில் இருந்த "கல்லுக்கு வாழ்நாள் உத்தரவாதம்" என்ற வரியை அன்றே எடுத்துவிட்டார். கல் தேயும். தேய்வது குறையல்ல என்றும், விண்டுபோவது குறை என்றும் பிரித்து எழுதிக்கொண்டார்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் கட்டுப்படியாகுமா? கணக்குக்காக வருடத்துக்கு 500 கிரைண்டர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் சேதமாவது 15. பாகமும் வாடகையும் சேர்த்து ஒன்றுக்கு 1,300 ரூபாய் என்றால் 19,500. முதல் ஆண்டில் மோட்டார் பழுதாவது 10. மோட்டார் தருபவரின் வாரண்டி இருப்பதால் வாடகையும் கூலியும் மட்டும் 500 ரூபாய், ஆக 5,000. முழுப் பணத்தையும் திருப்பித் தருவது 5. ஒவ்வொன்றிலும் 2,500 நட்டம் என்றால் 12,500. மொத்தம் 37,000. ஒரு கிரைண்டருக்கு 74 ரூபாய். இதை விலையில் சேர்த்து, தனியாக எடுத்துவைக்க வேண்டும். அப்படி எடுத்துவைக்காதவருக்கு ஒவ்வொரு புகாரும் வீட்டுச் செலவுப் பணத்தில் கைவைப்பதாகத் தோன்றும். அதனால்தான் போனை எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கு வாரண்டியை நீட்டவும் உதவியது. இரண்டாம் ஆண்டில் மேலும் 8 மோட்டார் போகும், ரீவைண்டிங்கும் வாடகையும் 1,500 ரூபாய் என்றால் 12,000. கிரைண்டர் ஒன்றுக்கு 24 ரூபாய். இருபத்துநாலு ரூபாய்க்கு "மோட்டாருக்கு இரண்டு ஆண்டு" என்று எழுத முடிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். மோட்டார் தருபவரின் ஓராண்டு, இவர் மோட்டார் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். வாங்குபவரின் ஆண்டு, கிரைண்டர் கைக்கு வந்த நாளில்தான் தொடங்கும். ஐந்து மாதம் ஷெல்ஃபில் கிடந்த மோட்டாரில் இவருக்கு மேலிருந்து கிடைக்கும் காப்பு ஏழு மாதம்தான். அதனால் மோட்டார் எண்ணோடு வாங்கிய தேதியையும் நோட்டில் குறித்து, முதலில் வந்ததை முதலில் பூட்டச் சொன்னேன்.

வாடகைச் செலவைக் குறைக்க அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கண்டென்சர் போன்ற சின்னப் பழுதென்றால் உள்ளூர் மெக்கானிக்கிடமே சரி செய்துகொள்ளலாம். பழைய பாகத்தின் படமும் பில்லும் அனுப்பினால் 300 ரூபாய் வரை அவர் அனுப்பிவிடுவார். பெரிய பழுதென்றால் டிரம்மையும் குழவிகளையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு மோட்டார் உள்ள அடிப்பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். எடை குறையும், வழியில் கல் உடையும் பயமும் இல்லை.

கடைசியில் மோட்டார் பகுதி இப்படி அமைந்தது:

"மோட்டாருக்கு, கிரைண்டர் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வாரண்டி. பில் தொலைந்திருந்தால் உங்கள் போன் எண்ணை வைத்து நாங்களே தேதி பார்த்துக்கொள்வோம். பழுது வந்தால் கீழே உள்ள எண்ணுக்கு ஒரு வீடியோ அனுப்புங்கள். இரண்டு வேலை நாளுக்குள் பதில் சொல்வோம். அடிப்பகுதி எங்களிடம் வந்த பத்து நாளுக்குள் சரி செய்து அனுப்புவோம். போக வர வாடகை எங்களுடையது. பத்து நாளில் முடியாவிட்டால் மாற்று அடிப்பகுதி அனுப்புவோம். ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால், பணம் வேண்டுமா வேறு கிரைண்டர் வேண்டுமா என்பதை நீங்களே சொல்லலாம். மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும், கடை, ஹோட்டல் உபயோகத்துக்கு ஓட்டியிருந்தாலும் இந்த வாரண்டி பொருந்தாது."

கடை உபயோகம் பற்றிய வரியை எழுதியது போதாது, விற்கும்போதே கேட்க வேண்டும் என்றேன். பணத்தை வாங்கும்வரை கேட்காமல் இருந்துவிட்டு, பழுதான பிறகு "நீங்கள் மாவுக் கடையா?" என்று விசாரிப்பது சரியல்ல. இப்போது ஆர்டர் எடுக்கும்போதே, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்கிறார். அட்டையின் படத்தையும் பணம் வாங்கும் முன்பே அனுப்புகிறார். பெட்டிக்குள் இருக்கும் நிபந்தனையை வாங்குபவர் பார்ப்பது பணம் கைமாறிய பிறகு. அதற்கு அவர் ஒப்புக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

அட்டையின் கீழே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் போடலாம் என்றபோது தயங்கினார். நாமே புகாருக்கு வழிகாட்டுவதா என்று கேட்டார். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய் கிரைண்டருக்காக இவர் திருநெல்வேலி போய் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட அந்த எண்ணில் பேசி முடிவது இவருக்கு மலிவு. இருந்தாலும் அவர் மனம் ஒப்பவில்லை. தன் போன் எண்ணையும், பேசக்கூடிய நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

புது அட்டை அச்சாகி மூன்றாவது வாரம் தஞ்சாவூரிலிருந்து படம் வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, குழவி ஒன்று இரண்டாக விண்டிருந்தது. கூடவே டெலிவரி ரசீதின் படமும், அதில் பேனாவால் எழுதிய "பெட்டி சேதம்". தம்பி தன் அட்டையை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு, அன்று மாலையே ஒரு ஜோடி குழவியைக் கட்டி அனுப்பினார். ஒன்றுதானே உடைந்தது என்று கேட்டேன். "ஜோடியா தேய்ஞ்சாத்தாங்ணா மாவு ஒரே மாதிரி அரையும்" என்றார். அந்த வரி அட்டையில் இல்லை. அடுத்த அச்சில் சேர்க்கிறார்.